தாடை நெஞ்சைத் தொடாத காய்ச்சல்

காய்ச்சல் வந்தால் உடம்பு வலிக்கும், தலை வலிக்கும், கழுத்தும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலோருக்கு அது சாதாரண வைரஸ் காய்ச்சல்தான், இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். ஆனால் கழுத்து ஒரு குறிப்பிட்ட விதத்தில் விறைத்து, கூடவே காய்ச்சலும் தலைவலியும் வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சமும் சேர்ந்தால், 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்ல முடியாத நிலை அது. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் உறை வீங்கியிருக்கலாம். இதைத்தான் மெனிஞ்ஜைடிஸ், அதாவது மூளை உறை அழற்சி என்கிறார்கள். பேச்சுவழக்கில் இதையும், மூளையே வீங்கும் என்செபலைடிசையும் சேர்த்து மூளைக்காய்ச்சல் என்று சொல்லிவிடுகிறோம்.

முதலில் கழுத்து விறைப்பு என்பது எது, எது அல்ல என்று பார்ப்போம். தலையணை சரியில்லாமல் தூங்கி எழுந்தால் வரும் கழுத்துப் பிடிப்பில், தலையை இடது வலதாகத் திருப்பும்போதுதான் வலி அதிகம். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வலிக்கும், அந்தத் தசையை அழுத்தினாலும் வலிக்கும். உறை அழற்சியில் இது தலைகீழ். பக்கவாட்டில் ஓரளவு திருப்ப முடியும். தாடையை நெஞ்சை நோக்கிக் குனிய வைக்கும்போதுதான் கழுத்து பலகைபோல் நிற்கும். காரணம் எளிது. குனியும்போது தண்டுவடமும் அதன் உறையும் நரம்பு வேர்களும் நீளவாக்கில் இழுபடுகின்றன. வீங்கிய உறை இழுபட்டால் தாங்க முடியாத வலி வரும். அந்த வலி வராமல் தடுக்கத்தான் பின்கழுத்துத் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்கின்றன. நோயாளி வேண்டுமென்றே செய்வதில்லை, நிறுத்தவும் அவரால் முடியாது.

வீட்டில் சோதிப்பதென்றால் இப்படிச் செய்யலாம். தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுக்க வையுங்கள். உடம்பைத் தளர்த்தச் சொல்லிவிட்டு, பின்தலையைக் கையால் தாங்கி, தாடை நெஞ்சைத் தொடும்வரை மெதுவாகத் தூக்குங்கள். இறுக்கமாகத் தடை தெரிந்தால், அல்லது தலையோடு சேர்ந்து தோளும் எழும்பினால் விறைப்பு இருக்கிறது. சில நேரம் கழுத்து வளையும்போது முழங்கால்கள் தானாகவே மடங்கும். இழுபடும் தண்டுவடத்தைத் தளர்த்த உடல் செய்யும் ஏற்பாடு அது. விவரம் தெரிந்த சிறு பிள்ளையாக இருந்தால், உட்கார்ந்தபடி தன் முழங்காலுக்கு முத்தம் கொடுக்கச் சொன்னால் போதும். தலையைத் தூக்கும்போது பலம் காட்டாதீர்கள். அண்மையில் கீழே விழுந்து அடிபட்டவருக்கு இந்தச் சோதனையே கூடாது.

வெளிச்சம் கூசுவதற்கும் அதே உறைதான் காரணம். முகத்துக்கு உணர்வு தரும் ட்ரைஜெமினல் நரம்பின் கிளைகள்தாம் மூளை உறையின் பெரும்பகுதிக்கும் உணர்வு தருகின்றன. உறை எரிச்சலடைந்திருக்கும்போது, கண்ணில் படும் வெளிச்சம் அந்த வலிப்பாதையை மேலும் கிளறிவிடுகிறது. அதனால்தான் நோயாளி திரையை மூடச் சொல்வார், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார், கைப்பேசித் திரையைக்கூடப் பார்க்க மாட்டார். ஒற்றைத் தலைவலியிலும் வெளிச்சம் கூசும், வாந்தி வரும், பின்கழுத்தும் வலிக்கும். ஆனால் காய்ச்சல் அதன் பகுதி அல்ல. ஒற்றைத் தலைவலி அடிக்கடி வருகிறவர்தான் என்று தெரிந்திருந்தாலும், இந்த முறை உடம்பு கொதிக்கிறது என்றால் பழைய விளக்கத்தை ஒதுக்கிவிட வேண்டும். இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. காய்ச்சலே இல்லாமல், ஒரு நொடியில் மண்டை பிளப்பதுபோல் தலைவலி வந்து, பிறகு கழுத்து விறைத்தால் மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்திருக்கலாம். அதுவும் அதே அவசரம்தான்.

சரி, வீங்கியது ஓர் உறைதானே, இதில் மணிக்கணக்கு எங்கிருந்து வருகிறது?

உறையின் அடுக்குகளுக்கு நடுவே ஒரு தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரியவர்களுக்கு எந்த நேரத்திலும் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் இருக்கும். ஒரு நாளில் அரை லிட்டர் அளவுக்குச் சுரந்து, அதே அளவு இரத்தத்தில் திரும்பக் கலக்கிறது. இரத்தத்தில் கிருமி நுழைந்தால் அதை மடக்க வெள்ளையணுக்களும் எதிர்ப்புப் புரதங்களும் தயாராக இருக்கும். இந்த நீரில் அவை மிக மிகக் குறைவு. மூளையைக் காக்கும் தடுப்புச் சுவர் அவற்றையும் சேர்த்தே வெளியே நிறுத்தியிருக்கிறது. ஆகவே நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் போன்ற பாக்டீரியா ஒருமுறை உள்ளே புகுந்துவிட்டால், காவல் இல்லாத வீட்டில் புகுந்த மாதிரி பெருகும். உடல் விழித்துக்கொண்டு வெள்ளையணுக்களை அனுப்பும்போது அடுத்த சேதம் ஆரம்பமாகிறது. அழற்சியால் இரத்தக் குழாய்கள் கசிகின்றன, மூளை நீர் கோத்து வீங்குகிறது. மண்டையோடு விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏற ஏற, மூளைக்குப் போகும் இரத்தம் குறைகிறது. உறை வழியாகச் செல்லும் குழாய்களும் அழற்சியில் அடைபட்டால் பக்கவாதம் போன்ற சேதம் வரும். கிருமி பாதி, அதை எதிர்க்கும் உடலின் வேகம் பாதி என்று இரண்டும் சேர்ந்துதான் ஆளைச் சாய்க்கின்றன. சிகிச்சை பெறுகிறவர்களையும் பெறாதவர்களையும் சேர்த்து, பாக்டீரியா மெனிஞ்ஜைடிஸ் வந்தவர்களில் ஏறத்தாழ 6 பேரில் ஒருவர் இறக்கிறார், 5 பேரில் ஒருவருக்குப் பெரிய பாதிப்பு மிஞ்சுகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

இனி ஓர் ஆளைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு மணி மணியாகப் பார்ப்போம். விடுதியில் தங்கிப் படிக்கும் 20 வயது மாணவர் என்று வைத்துக்கொள்வோம்.

இரவு 10 மணிக்குத் தொண்டை கரகரப்பு, லேசான காய்ச்சல். ஒரு பாரசிட்டமால் போட்டுக்கொண்டு படுக்கிறார். நள்ளிரவு 2 மணிக்குக் குளிர் நடுக்கத்தோடு எழுகிறார். கால்கள் இரண்டும் நடக்க முடியாத அளவு வலிக்கின்றன. உடம்பு நெருப்பாய்க் கொதிக்க, கைகால் மட்டும் சில்லென்று இருக்கின்றன. இந்தக் கட்டத்தில் கழுத்தைச் சோதித்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பலரும் தவறவிடுவது இதைத்தான். பிரிட்டனில் மெனிங்கோகாக்கஸ் நோய் வந்த 448 பிள்ளைகளின் முதல் மணிநேரங்களை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். அவர்களில் 72 சதவீதம் பேருக்குக் கால் வலி, சில்லிட்ட கைகால், மாறிப்போன தோல் நிறம் ஆகியவற்றில் ஒன்றாவது முதலில் வந்திருக்கிறது. அது தலைகாட்டியது நோய் தொடங்கி சராசரியாக 8 மணி நேரத்தில். கழுத்து விறைப்பு, வெளிச்சக் கூச்சம், தோலில் புள்ளிகள் என்று எல்லோருக்கும் தெரிந்த அடையாளங்கள் வர 13 முதல் 22 மணி நேரம் ஆகியிருக்கிறது. மருத்துவமனையில் சேர்ந்தது சராசரியாக 19ஆவது மணியில். முதல் தடவை மருத்துவரிடம் போனபோது ஏறத்தாழ பாதிப் பேர் வீட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார்கள். மருத்துவர்களின் அலட்சியம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. 4ஆவது மணியில் இந்த நோயும் சாதாரணக் காய்ச்சலும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். அதனால் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த பிறகும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நிலை மோசமானால் அதே நாளில் இரண்டாவது தடவை போவதற்குத் தயங்கவே கூடாது.

நம் மாணவருக்குக் காலை 7 மணிக்குத் தலைவலி உச்சத்தில் இருக்கிறது. இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டார். விளக்கைப் போட்டால் கத்துகிறார். அறைத்தோழர் தொட்டுப் பார்க்கிறார்: பாரசிட்டமால் வேலை செய்ததில் சூடு கொஞ்சம் குறைந்திருக்கிறது. 'காய்ச்சல் இறங்கிவிட்டது, தூங்கட்டும்' என்று விடுவது இங்கே நடக்கக்கூடிய பெரும் பிழை. மாத்திரை வெப்பத்தைத்தான் குறைக்கும், நீரில் பெருகும் கிருமியை ஒன்றும் செய்யாது. போன தடவை மிச்சமான ஆன்டிபயாட்டிக் மாத்திரையை எடுத்துக் கொடுப்பது இன்னொரு பிழை. வாய்வழி மாத்திரை மூளை நீரில் போதிய அளவு சேராது, நோயும் அடங்காது. ஆனால் பிறகு செய்யும் கிருமி வளர்ப்புச் சோதனையில் கிருமி வளராமல் போகும் அளவுக்கு அது குழப்பிவிடும்.

9 மணிக்குத் தாடை நெஞ்சுக்கு வரவில்லை. அறைத்தோழர் கையையும் காலையும் வெளிச்சத்தில் பார்க்கிறார். கணுக்காலுக்கு மேல் ஊசி குத்தியதுபோல் நாலைந்து சிவந்த புள்ளிகள். தெளிவான கண்ணாடி டம்ளரின் பக்கத்தை அந்தப் புள்ளிகளின் மேல் வைத்து அழுத்தினால், சாதாரணத் தடிப்பு வெளுத்து மறையும். இவை மறையவில்லை. தோலுக்கடியில் இரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். கருத்த தோலில் இந்தப் புள்ளிகள் எளிதில் கண்ணில் படாது. உள்ளங்கை, உள்ளங்கால், வாயின் மேலண்ணம், கீழ் இமையின் உட்புறம் ஆகிய இடங்களில் தேட வேண்டும். புள்ளி இல்லாவிட்டால் நோய் இல்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. நியூமோகாக்கஸ் கிருமியால் வரும் மெனிஞ்ஜைடிசில் பெரும்பாலும் புள்ளிகளே இருக்காது.

பாடப்புத்தகத்தில் காய்ச்சல், கழுத்து விறைப்பு, மனத்தெளிவு குறைதல் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்வார்கள். நெதர்லாந்தில் பாக்டீரியா மெனிஞ்ஜைடிஸ் வந்த பெரியவர்களில் 696 நிகழ்வுகளைத் தொகுத்து 2004இல் வெளியிட்டபோது, மூன்றும் சேர்ந்து இருந்தது 44 சதவீதத்தில் மட்டுமே. ஆனால் தலைவலியையும் சேர்த்து நான்காக எண்ணினால், 95 சதவீதம் பேரிடம் குறைந்தது இரண்டு அடையாளங்கள் இருந்தன. மூன்றாவது அடையாளம் வரட்டும் என்று காத்திருப்பதில் எந்தப் பொருளும் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். காய்ச்சலோடு இரண்டு இருந்தாலே அவசரப் பிரிவுக்குப் போகலாம். கழுத்து விறைப்பு, குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், வலிப்பு, மறையாத புள்ளி, இவற்றில் ஒன்று இருந்தாலும் போக வேண்டும். நோயாளி தானே வண்டி ஓட்டிப் போகக் கூடாது. வழியில் நினைவு தப்பலாம்.

கைக்குழந்தைகள் தனி விதம். அவர்களுக்குக் கழுத்து விறைக்காமலே இருக்கலாம், காய்ச்சலுக்குப் பதில் உடம்பு குளிர்ந்துகூடப் போகலாம். பால் குடிக்க மறுப்பது, துணிபோல் துவள்வது, வழக்கமில்லாத கீச்சுக்குரல் அழுகை, தூக்கினால் அழுகை கூடுவது, அழாதபோதும் உச்சிக்குழி மேடிட்டு இறுகியிருப்பது, இவைதாம் அங்கே பேசும். வயதானவர்களுக்கோ குழப்பம் மட்டுமே முதலில் தெரியலாம். அவர்களில் பலருக்குத் தேய்மானத்தால் கழுத்து ஏற்கனவே விறைத்திருக்கும் என்பதால் அந்தச் சோதனையும் அவ்வளவு உதவாது.

10 மணிக்கு மாணவர் அவசரப் பிரிவில் இருக்கிறார். வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் இரத்த நாளத்தில் ஏறியாக வேண்டும் என்பதுதான் இலக்கு. எந்தக் கிருமி என்று உறுதியாகத் தெரிவதற்கு முன்பே இது நடக்கும். சரியான வரிசை இது: முதலில் இரத்தம் எடுத்துக் கிருமி வளர்ப்புக்கு அனுப்புவார்கள். அடுத்து வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் 10 மில்லிகிராம். அதனோடு அல்லது உடனே பின்னால் ஆன்டிபயாட்டிக்: செஃப்ட்ரையாக்சோன் 2 கிராம், கூடவே பல இடங்களில் வான்கோமைசின். 50 வயதைத் தாண்டியவர்களுக்கும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் ஆம்பிசிலினும் சேரும். லிஸ்டீரியா என்ற கிருமியை செஃப்ட்ரையாக்சோன் தொடாது என்பதே காரணம்.

ஸ்டீராய்டு முந்துவதற்கும் ஒரு காரணம் உண்டு. ஆன்டிபயாட்டிக் பட்டதும் பாக்டீரியா கூட்டம் கூட்டமாக உடைகிறது. அந்தச் சிதறல்களைக் கண்டு உடல் இன்னும் ஆவேசமாக எதிர்க்கிறது, வீக்கம் கூடுகிறது. டெக்ஸாமெத்தசோன் அந்த அலையை முன்கூட்டியே தணித்துவைக்கிறது. 2002இல் வெளியான ஐரோப்பியச் சோதனையில், இதைக் கொடுத்த பெரியவர்களில் இறப்பு 15 சதவீதத்திலிருந்து 7ஆகக் குறைந்தது. நியூமோகாக்கஸ் நோயாளிகளிடம்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. ஆன்டிபயாட்டிக் ஏறி வெகுநேரம் ஆன பிறகு ஆரம்பித்தால் இந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

பிறகு முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பது. இந்தப் பெயரைக் கேட்டாலே வீட்டார் பயந்து கையெழுத்துப் போடத் தயங்குகிறார்கள், வாக்குவாதத்தில் அரை மணி நேரம் போய்விடும். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாவது முள்ளெலும்போடு முடிந்துவிடுகிறது. ஊசி போகிறது மூன்றுக்கும் நான்குக்கும் அல்லது நான்குக்கும் ஐந்துக்கும் இடையே. அங்கே நீரில் மிதக்கும் நரம்பு இழைகள் மட்டுமே இருக்கின்றன, அவை ஊசிமுனையை விட்டு விலகிக்கொள்ளும். குத்தினால் கால் விளங்காமல் போய்விடும் என்ற பயத்துக்கு இடமில்லாத இடத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். சிலருக்குப் பின்னர் இரண்டொரு நாள் தலைவலி இருக்கும். உண்மையான ஆபத்து வேறு: மண்டைக்குள் அழுத்தம் மிக அதிகமாகவோ கட்டியோ இருக்கும்போது கீழே நீரை எடுத்தால் மூளை கீழ்நோக்கிச் சரியலாம். ஆகவே நினைவு மங்கியவர், புதிதாக வலிப்பு வந்தவர், ஒரு பக்கம் கைகால் தளர்ந்தவர், கண்ணின் பின்புறம் நரம்பு வீங்கியவர், நோய் எதிர்ப்பு குறைந்தவர் ஆகியோருக்கு முதலில் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். இரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவருக்கும் நீர் எடுப்பது தள்ளிப்போகும்.

தவறு நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஸ்கேன் முடியட்டும், பிறகு நீர் எடுக்கட்டும், அதற்குப் பிறகு மருந்து என்று வரிசை புரண்டுவிட்டால், ஸ்கேன் அறை வாசலிலேயே இரண்டு மணி நேரம் கரையும். ஸ்கேன் தேவைப்பட்டால் இரத்தம் எடுத்து, மருந்தை ஏற்றிவிட்டுத்தான் போக வேண்டும். உடன் இருப்பவர் 'முதல் ஆன்டிபயாட்டிக் போட்டாயிற்றா?' என்று கேட்பதில் தவறே இல்லை. மருந்து ஏறினால் சோதனை பயனற்றதாகிவிடுமே என்ற கவலையும் முழுக்கச் சரியல்ல. மெனிங்கோகாக்கஸ் இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே நீரில் வளராமல் போகலாம் என்பது உண்மை. ஆனால் நீரில் இருக்கும் வெள்ளையணுக்களும் குறைந்த சர்க்கரையும் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை, மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனையில் கிருமியின் தடமும் கிடைக்கும்.

நம் மாணவர் கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொல்கிறார், வலிப்பு இல்லை, கைகால் இயக்கம் சரியாக இருக்கிறது, புள்ளிகளும் அந்த நாலைந்தைத் தாண்டவில்லை. அதனால் ஸ்கேன் இல்லாமலே நீர் எடுக்கிறார்கள். தண்ணீர்போல் தெளிந்திருக்க வேண்டிய நீர் அரிசி கழுவிய நீர்போல் கலங்கி வருகிறது. ஒரு மைக்ரோலிட்டரில் 5க்கு மேல் இருக்கக் கூடாத வெள்ளையணு 2,400, அதில் 90 சதவீதம் பாக்டீரியாவை எதிர்க்க முதலில் ஓடிவரும் நியூட்ரோஃபில் வகை. இரத்தச் சர்க்கரை 110 இருக்கும்போது நீரில் 60க்கு மேல் இருக்க வேண்டிய சர்க்கரை 18 மட்டுமே. புரதமோ இயல்பைவிடப் பல மடங்கு கூடி 240. வைரஸாக இருந்திருந்தால் அணுக்கள் சில நூறோடு நின்று, லிம்ஃபோசைட் என்ற வேறு வகை வெள்ளையணு மிகுந்து, சர்க்கரை இயல்பாக இருந்திருக்கும். சர்க்கரை இறங்கியது பெரிய தடயம். கிருமிகளைக் காட்டும் கிராம் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், கண்ணாடியில் சிவப்பாக, இரட்டை இரட்டையாக, காப்பிக்கொட்டைகளை முகம்பார்க்க வைத்ததுபோல் கிருமிகள். மெனிங்கோகாக்கஸ்.

வைரஸ் என்று தெரிந்தால் பெரும்பாலோருக்கு ஓய்வும் வலி மாத்திரையுமே போதும். ஹெர்பிஸ் கிருமி மூளையையே தாக்கும்போது மட்டும் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து உடனே வேண்டும். காசநோய்க் கிருமியால் வரும் மெனிஞ்ஜைடிஸ் இப்படி ஓரிரவில் வராது. வாரக்கணக்கில் மாலைக் காய்ச்சல், தலைவலி, எடை குறைவு என்று நகரும், அதனாலேயே தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. ஆனால் நீரைப் பார்க்காமல், படுக்கையருகே நின்று இது வைரஸ்தான் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பலருக்கு லேசான வகைதான் என்றாலும் எல்லோரையும் அவசரமாகவே பார்க்க வேண்டியிருப்பது அதனால்தான்.

மெனிங்கோகாக்கஸ் என்று தெரிந்ததும் அறைத்தோழருக்கும் வேலை வருகிறது. ஒரே அறையில் உறங்கியவர்கள், முத்தமிட்டவர்கள், எச்சில் பட்டவர்கள் ஆகியோருக்குத் தடுப்பு மருந்தாக சிப்ரோஃப்ளாக்சசின் 500 மில்லிகிராம் ஒரே ஒரு வேளை கொடுப்பார்கள். அந்தப் பகுதியில் மருந்துக்கு அடங்காத கிருமி இருந்தால் ரிஃபாம்பிசின் அல்லது செஃப்ட்ரையாக்சோன் ஊசி. 24 மணி நேரத்துக்குள் கொடுப்பது நல்லது. வகுப்பில் தூரத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தேவையில்லை. நியூமோகாக்கஸாக இருந்தால் உடன் இருந்தவர்களுக்கு இது வேண்டாம்.

மாணவருக்கு இரத்த நாளம் வழி மருந்து 7 நாள் தொடரும். நியூமோகாக்கஸ் என்றால் 10 முதல் 14 நாள். இரண்டாவது நாளே தலைவலி குறைந்து பேசத் தொடங்கினாலும் நடுவில் நிறுத்தக் கூடாது. வீடு திரும்பும்போது ஒரு சோதனையை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்க வேண்டும்: காது கேட்கும் திறன். அழற்சி உள்காதுக்குள்ளும் பரவுவதால் இந்த நோயில் மிஞ்சும் சேதங்களில் செவித்திறன் இழப்பு முக்கியமானது. சிறு பிள்ளைகள் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டார்கள். கூப்பிட்டால் திரும்பாததை நோய்க் களைப்பு என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். மருத்துவமனையை விட்டுப் போகும் முன்பே, முடியாவிட்டால் 4 வாரத்துக்குள் சோதித்துவிட வேண்டும். பாதிப்பு கடுமையாக இருந்தால் உள்காதின் சுருள் குழாய் சில வாரங்களிலேயே எலும்பாக இறுகத் தொடங்கலாம். இறுகிவிட்டால், கேட்க வைக்கும் காக்ளியர் கருவியின் இழையை அதற்குள் செலுத்துவதே கடினமாகிவிடும்.